கடன் கொப்பியும் வருமான வரியும்: எந்தக் கடனைக் கழிக்கலாம்?

மார்ச் 31 முடிந்து கணக்குப் பார்ப்பவர் வரைவைக் கொண்டுவந்து வைக்கும்போது, நமது வியாபாரிகளில் பலர் ஒரே ஒரு வரியைத்தான் ஆறுதலோடு பார்க்கிறார்கள். "ஐயக்கடன் ஏற்பாடு, நூற்றுக்குப் பத்து வீதம்" என்ற வரி அது. வெளியே நாற்பது இலட்சம் ரூபா கடன் நிற்கிறது, அதில் பத்து வீதம் வராது என்று வைத்துக்கொள்வோம், நான்கு இலட்சம் செலவாகிவிட்டது, அந்த அளவுக்கு வரியும் குறைந்துவிட்டது என்பது அவர்களது கணக்கு. இலாப நட்டக் கணக்கைப் பொறுத்தவரை அது சரி. வருமான வரியைப் பொறுத்தவரை அந்த வரிக்கு ஒரு சதப் பெறுமதியும் இல்லை.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தால், முழுக்க முழுக்கப் பிழையென்று சொல்லவும் முடியாது. 1932இல் வந்த வருமான வரிக் கட்டளைச் சட்டம் முதற்கொண்டு நமது நாட்டின் வரிச் சட்டங்களில் அறவிடமுடியாக் கடனோடு ஐயக்கடனுக்கும் ஓர் இடம் இருந்தது. சந்தேகத்துக்குரிய ஒரு கடன் அந்த வருடத்தில் எந்த அளவுக்குக் கெட்டுப்போனதாக மதிப்பிடப்படுகிறதோ, அந்த அளவுக்கு, ஆணையாளர் நியாயமென்று கருதினால் கழித்துக்கொள்ளலாம். அப்போதும்கூட மொத்தக் கடனில் பத்து வீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டால் வரிமதிப்பாளர் ஏற்கமாட்டார். இன்னாரின் கடன், இன்ன காரணத்தால், இவ்வளவு என்று காட்டினால் பேச இடமிருந்தது. நமது மூத்த வியாபாரிகளும், அவர்களுக்குக் கணக்கு எழுதிய பழைய கிளாக்கர்மாரும் அந்தக் காலத்து மனிதர்கள். அவர்களிடமிருந்து கேட்டதைத்தான் இன்றைய இளைஞர்களும் செய்கிறார்கள்.

ஆனால் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது இந்த இடம் மாறிவிட்டது. இன்னும் ஏற்படாத, இனி வரக்கூடும் என்று எதிர்பார்க்கப்படுகின்ற நட்டத்துக்காக ஒதுக்கி வைக்கும் எந்த ஏற்பாடும் கழிக்க முடியாதது என்று அச்சட்டம் சொல்கிறது. அறவிடமுடியாக் கடனுக்கு வேறொரு வழியை அது வைத்திருக்கிறது. முன்பு வருமானமாகக் காட்டிய தொகை ஒன்று வராமற் போனால், அதனைக் கெட்ட கடனாகப் புத்தகத்தில் பதிவழித்துக் கழித்துக்கொள்ளலாம். அதற்கு இரண்டு நிபந்தனைகள். அந்தப் பணத்தைப் பெறுவதற்கு நீங்கள் நியாயமான நடவடிக்கைகளை எடுத்திருக்க வேண்டும். அது இனி வராது என்று நியாயமாக நம்பவும் வேண்டும்.

எனவே நீங்கள் கேட்க வேண்டிய முதற் கேள்வி "இது வருமா, வராதா?" என்பதல்ல. "இதை நான் எப்போதாவது வருமானமாகக் காட்டினேனா?" என்பதுதான். நமது கடைகளில் ஒரு பகுதியினர் பொருள் போன அன்றே விற்பனையாக எழுதுகிறார்கள். இன்னொரு பகுதியினர், குறிப்பாகத் தனியாளாகச் சிறு கடை நடத்துவோர், கையில் காசு வந்தால் மட்டுமே எழுதுகிறார்கள். இரண்டாவது வகையினரின் கடன் கொப்பியில் நிற்கும் தொகை வருமானத்தில் ஏறியதே இல்லை. ஏறாததை எப்படி இறக்குவது? காசு வந்தால் மட்டும் எழுதும் ஒருவர் அறவிடமுடியாக் கடன் என்று ஒரு தொகையைக் கழித்தால், அவர் ஒரே இழப்பை இரண்டு தரம் கழிக்கிறார்.

அதே காரணத்தால்தான் மச்சானுக்குக் கைமாற்றாகக் கொடுத்த ஒன்றரை இலட்சமும், சீட்டுப் பிடித்தவர் ஓடிப்போனதால் போன பணமும் வியாபாரத்தின் அறவிடமுடியாக் கடனாக முடியாது. கடைக் கல்லாப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தீர்கள் என்பதற்காக அது வியாபாரக் கடனாகிவிடாது. அது எந்த விற்பனையிலும் சேர்ந்ததல்ல.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கமுள்ள ஒரு ஹாட்வெயார் கடையினுடையது. ஆளின் அடையாளத்தை விட்டுவிட்டு, எண்களைச் சுலபத்துக்காக உருட்டித் தருகிறேன். உரிமையாளர் தனியாள். பொருள் போனதும் விற்பனையாக எழுதும் வழக்கமுடையவர்.

2021 நவம்பரிலிருந்து 2022 பெப்ரவரி வரை கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் அவரிடம் சீமெந்தும் கம்பியும் கடனுக்கு எடுத்தார். அந்த மாதங்களை நாம் மறக்கமாட்டோம். ஆயிரம் ரூபாவை அண்டியிருந்த சீமெந்துப் பை சில மாதங்களுக்குள் இரண்டாயிரத்தைத் தாண்டியது. செய்து முடித்த அரச வேலைக்கான காசு ஒப்பந்தக்காரர்களின் கைக்கு வந்து சேரவில்லை. இந்த ஒப்பந்தக்காரர் ஏழரை இலட்சம் ரூபாவுக்குக் கொடுத்த காசோலை 2022 ஏப்ரலில் பணமில்லையென்று திரும்பியது. கடைக்காரர் முதலில் ஆளனுப்பிக் கேட்டார். பிறகு பதிவுத் தபாலில் ஒரு கடிதம். 2023இல் சட்டத்தரணி மூலமாக ஒரு கோரிக்கைக் கடிதம். பின்னர் மத்தியஸ்த சபைக்குப் போனார்கள். எதிராளி இரண்டு தவணைக்கும் வரவில்லை. இணக்கம் ஏற்படவில்லை என்று சபை சான்றிதழ் கொடுத்தது. 2024இன் கடைசியில் விசாரித்தபோது, வீடு வங்கியில் ஈடாக இருப்பதும், லொறியை லீசிங் கம்பனி எடுத்துக்கொண்டதும், ஆள் வெளிநாடு போய்விட்டதும் தெரியவந்தது. 2025 பெப்ரவரியில் கடைக்காரர் அந்தக் கணக்கின் கீழ் காரணத்தை எழுதி, கையொப்பமிட்டு, பதிவழித்தார்.

2024/2025 மதிப்பாண்டுக்கு அவரது கணக்காளர் தந்த முதல் வரைவில் நான்கு இலட்சம் ஐயக்கடன் ஏற்பாடு கழிக்கப்பட்டு 32 இலட்சம் இலாபம் காட்டப்பட்டிருந்தது. ஏழரை இலட்சக் கடனை அவர் தனியாகத் தொடவில்லை. "அதுதான் பத்து வீதத்துக்குள்ள அடங்கியிருக்கே, காக்கா" என்று சொல்லியிருக்கிறார். சரியான கணக்கு இப்படித்தான் போகும். நான்கு இலட்சத்தைத் திரும்பக் கூட்டினால் 36 இலட்சம். பதிவழித்த ஏழரை இலட்சத்தைக் கழித்தால் 28 இலட்சத்து 50 ஆயிரம். அந்த வருடத்துக்கான தனியாள் நிவாரணம் 12 இலட்சம் போக, வரிக்குரியது 16 இலட்சத்து 50 ஆயிரம். அந்த வருடம் ஒவ்வொரு ஐந்து இலட்சத்துக்கும் 6, 12, 18, 24 வீதம் என்று வரி ஏறிக்கொண்டு போனது. அப்படிப் பார்த்தால் கட்ட வேண்டியது 2,16,000 ரூபா.

முதல் வரைவை அப்படியே அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும்? வரிமதிப்பாளர் ஏற்பாட்டை மட்டும் தள்ளிவிட்டு 36 இலட்சத்துக்கு வரி கேட்டிருப்பார். அது 4,20,000 ரூபா. அதாவது கழிக்க முடியாத நான்கு இலட்சத்தைக் கழித்து, கழிக்கக்கூடிய ஏழரை இலட்சத்தைக் கழிக்காமல் விட்டதனால் 2,04,000 ரூபா அநியாயமாகப் போயிருக்கும். "பத்து வீதம்" வரியைக் குறைப்பதில்லை என்பதோடு நிற்காமல், உண்மையாகக் குறைக்கக்கூடியதையும் அது மறைத்துவிடுகிறது என்பதற்காகத்தான் இந்தக் கணக்கை விபரமாகச் சொன்னேன்.

இன்னொரு விடயத்தையும் இவரது கணக்கில் கவனிக்க வேண்டும். திரும்பக் கூட்டிய அந்த நான்கு இலட்சம் ஏற்பாடு, அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ தேவையில்லையென்று குறைக்கப்படும்போது இலாப நட்டக் கணக்கில் வருமானம் போல வந்து நிற்கும். அதை அந்த வருடத்து வரிக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். ஏனெனில் அதற்கு ஏற்கெனவே வரி கட்டியாயிற்று. கணக்காளரை மாற்றும் வியாபாரிகள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். பழையவர் கூட்டியது புதியவருக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு வருடமும் இறைவரித் திணைக்களத்துக்குக் கொடுத்த வரிக் கணிப்பின் பிரதியைக் கையில் வைத்திருங்கள். ஐந்து வருடத்துக்கு ஆவணங்களைப் பேண வேண்டுமென்று சட்டமே சொல்கிறது.

ஏன் இவர் 2022இலேயே பதிவழிக்கவில்லை என்று சிலர் கேட்கலாம். அப்போது காசோலை திரும்பியிருந்ததே தவிர, ஒப்பந்தக்காரர் ஊரில் இருந்தார், வேலை செய்தார், அவருக்கு அரசிடமிருந்து வரவேண்டிய காசும் இருந்தது. வராது என்று நம்புவதற்கு நியாயம் போதாது. மூன்று வருடம் பொறுத்து, இலாபம் அதிகமான ஒரு வருடத்தைத் தேடிப் பிடித்துப் பதிவழிப்பதும் கூடாது. நம்பிக்கை எப்போது அற்றுப் போனதோ அந்த வருடத்தில், மார்ச் 31க்கு முன்னர், புத்தகத்தில் எழுத வேண்டும். நவம்பர் 30இல் வரி விபரத் திரட்டைக் கொடுக்கப் போகும்போது பழைய திகதி போட்டு எழுதுவது பொய்க் கணக்கு.

"நியாயமான நடவடிக்கை" என்ற சொல்லில்தான் நமது யாழ்ப்பாண வியாபாரம் தடுக்கி விழுகிறது. நாங்கள் முகத்துக்குக் கொடுப்பவர்கள். தெருவில் கண்டால் "எப்ப தருவீங்கள்?" என்று கேட்போம், அவர் "வாற மாசம்" என்பார், நாங்கள் சரி என்போம். இப்படி இருபது தடவை கேட்டிருந்தாலும் கடதாசியில் ஒன்றுமில்லை. வரிமதிப்பாளரின் மேசையில் அது கேட்காத கடன்தான்.

இதற்குள் இன்னொரு கத்தியும் தொங்குகிறது. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, விற்றுக் கொடுத்த பொருளுக்கும் கடைக் கொப்பிக் கடனுக்கும் வழக்குப் போடக்கூடிய காலம் கடன் செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரே ஒரு வருடம். பலருக்கு இது தெரியாது. வாய்ப்பேச்சால் அந்தக் காலம் நீளாது. கடன்பட்டவர் கையொப்பமிட்டு "இவ்வளவு தரவேண்டும்" என்று எழுதித் தந்தாலோ, ஒரு பகுதியைக் கட்டினாலோ நீளும். காசோலையோ வாக்குறுதிச் சீட்டோ வாங்கியிருந்தால் அதற்கு ஆறு வருடம். மேலே சொன்ன ஹாட்வெயார்காரருக்கு 2024இலும் வழக்குப் போடும் உரிமை இருந்ததென்றால், அந்தத் திரும்பிய காசோலையால்தான். அவர் போடவில்லை. எடுக்க ஒன்றுமில்லாத ஆளுக்குப் பின்னால் சட்டத்தரணிக்குக் காசு கொடுத்துத் திரிவதை நியாயமான நடவடிக்கை என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் ஒரு வருடக் காலத்தை ஒரு கடிதம்கூடப் போடாமல் ஓடவிட்டு, பின்னர் "இனி வழக்குப் போட ஏலாது, ஆகவே கெட்ட கடன்" என்று வருபவரின் நிலை வேறு. காலம் கடந்தது என்பது மட்டும் கழிவுக்குக் காரணமாகாது. அந்தக் காலத்துக்குள் நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற கேள்வி நிற்கும்.

நம்மிடையே கடனை மன்னித்துவிடும் நல்ல வழக்கம் உண்டு. மௌத்தான வாடிக்கையாளரின் வீட்டுக்குப் போய், அவரது மனைவியிடம் "அந்த அறுபதாயிரத்தை நான் ஹலாலாக்கிவிட்டேன்" என்று சொல்லிவிட்டு வருகிறோம். அது பெரிய நன்மை. வரிக் கணக்கில் அதற்கு இடமில்லை. தொகையை விட்டுக்கொடுப்பதென்றாலும், பெறுவதற்கு நியாயமாக முயன்று பார்த்து, வராது என்று கண்ட பின்னரே விட்டுக்கொடுக்கலாம் என்பது சட்டத்தின் நிபந்தனை. கேட்காமலே விட்டது அன்பளிப்பு. அதை அறவிடமுடியாக் கடன் பட்டியலில் சேர்த்து வரியையும் குறைத்துக்கொள்ளப் பார்ப்பது, அரசாங்கத்தின் காசில் அரைவாசி தர்மம் செய்வது போன்றது.

மறுபக்கமாக, பதிவழித்ததால் கடன் மன்னிக்கப்பட்டதாகவும் ஆகாது. பதிவழித்தல் உங்கள் புத்தகத்துக்கும் திணைக்களத்துக்கும் இடையிலான விடயம். கடன்பட்டவரின் பொறுப்பு அப்படியே இருக்கிறது. அந்த ஒப்பந்தக்காரர் நாளைக்கு வெளிநாட்டிலிருந்து இரண்டு இலட்சம் அனுப்பினால், வாங்கிக்கொள்ளலாம். ஆனால் முன்பு கழித்த தொகை என்பதால் அந்த இரண்டு இலட்சத்தை வந்த வருடத்தின் வருமானமாகக் காட்ட வேண்டும்.

இந்த இடத்தில் வடக்கு முஸ்லிம்களான எங்களுக்கு மட்டும் உரிய ஒரு கேள்வி வருகிறது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு நாங்கள் வெளியேற்றப்பட்டபோது, சோனகத் தெருவிலும் பஜாரிலும் இருந்த கடைகளின் கணக்குக் கொப்பிகள் கடைகளிலேயே கிடந்தன. எங்கள் வாப்பாவின் கொப்பியும் அதில் ஒன்று. அக்கடன்களை இன்று, மீளத் திறந்த கடையின் இலாபத்தில் கழிக்க முடியுமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. முடியாது. அந்தக் கடன் கெட்டது அந்த வருடத்தில். அந்த வியாபாரமும் அதோடு நின்றது. கழித்துக்கொள்ள அன்று சட்டம் இடம் தந்தது, ஆனால் கழிப்பதற்கு இலாபம் ஏது? புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தவனிடம் வரிக் கழிவைப் பற்றிப் பேசி என்ன பயன்? அந்த நட்டத்துக்குரிய இடம் நட்டஈடு, வரிக் கணக்கல்ல.

ஆனால் எதிர்ப்பக்கக் கேள்வி சுவாரசியமானது. 2002இல் பாதை திறந்த பிறகும், 2009க்குப் பிறகும் நாங்கள் திரும்பி வந்தபோது, பழைய தமிழ் வாடிக்கையாளர்கள் சிலர் தேடி வந்து, "உங்கட வாப்பாவுக்குத் தரவேண்டியது" என்று காசு தந்தார்கள். அது வருமானமா? பொருள் போன அன்றே விற்பனையாக எழுதிய கடையென்றால், அந்த வருமானம் அன்றே கணக்கில் ஏறிவிட்டது. அதனை எவரும் அறவிடமுடியாக் கடனாகக் கழிக்கவுமில்லை. கழிக்காத கடன் திரும்பி வந்தால் அது புதிய வருமானமல்ல, உங்களுடைய பழைய சொத்து கைக்கு வந்தது, அவ்வளவுதான். காசு வந்தால் மட்டுமே எழுதிய கடையென்றால் இந்த வாதம் எடுபடாது. இப்போதும் யாராவது அப்படி ஒரு தொகை தந்தால், வங்கியில் போடுமுன் என்ன கடனுக்கு, எந்த வருடத்துக் கடனுக்குத் தருகிறார் என்று ஒரு துண்டில் அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடிதமில்லாத வங்கி வைப்பை வரிமதிப்பாளர் விற்பனையென்றே பார்ப்பார்.

சட்டத்தைப் பற்றி எனது அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏற்பாட்டைக் கழிக்க விடாதது நியாயம் என்றே நினைக்கிறேன். ஊகத்துக்கு அளவில்லை. இலாபம் கூடிய வருடம் ஏற்பாடும் கூடும். எனக்கு ஒப்பாதது வேறொன்று. வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் எந்தக் கடன் எப்போது கெட்டதாகும் என்பதற்குத் தனி அளவுகோல் இருக்கிறது. அவர்களுக்கு எழுதி வைத்த வழிகாட்டல் உண்டு. ஐந்து சந்தியில் துணிக்கடை வைத்திருப்பவருக்கு "நியாயமான" என்ற ஒரு சொல் மாத்திரம்தான். எட்டாயிரம் ரூபாக் கடனுக்கு எத்தனை கடிதம் போட்டால் நியாயம்? அதற்கும் சட்டத்தரணி வேண்டுமா? சட்டத்தரணிக்குக் கொடுப்பதே எட்டாயிரத்தைத் தாண்டிவிடுமே. இன்ன தொகைக்குக் கீழ்ப்பட்ட கடனென்றால் ஒரு பதிவுத் தபாலும் ஆறு மாத அவகாசமும் போதும் என்பது போன்ற எளிய விதியொன்றைத் திணைக்களம் சிறு வியாபாரிகளுக்காகத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும். நமது வர்த்தகச் சங்கங்கள் ஆணையாளர் நாயகத்திடம் கேட்க வேண்டியது இதைத்தான்.

அது வரும்வரைக்கும் ஒவ்வொரு ஜனவரியிலும் கடன் கொப்பியை எடுத்து, ஒரு வருடத்தை நெருங்கும் கடன்களை மட்டும் பிரித்தெடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மீதிக் கடிதம் அனுப்பி, கீழே கையொப்பம் கேளுங்கள். கையொப்பம் இட்டால் வழக்குக் காலம் நீளும். இடாமல் விட்டால் பதிவுத் தபால் துண்டு உங்கள் கோவையில் இருக்கும். பொருள் பெற்றதற்கான கையொப்பமுள்ள பில்லையும் அதோடு சேர்த்து வையுங்கள். அந்த பில் இல்லாவிட்டால், கடன் இருந்தது என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டி வரும்.